பிடித்தவரிடம் வலிப்பைப் பற்றி எப்போது சொல்வது? மூன்று நேரங்கள், ஓர் ஒப்பீடு

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. எனக்கு ஃபிட்ஸ் இருக்கறதை எப்போ சொல்றது, எப்படிச் சொல்றது?" எனக்கும் கல்லூரிக் காலத்திலிருந்து வலிப்பு உண்டு, தினமும் மாத்திரையும் உண்டு. அது தெரிந்தவர்கள் வேறு யாரிடமும் கேட்க முடியாததை என்னிடம் கேட்கிறார்கள்.

சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கம் தொடர்ந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போது என்பதில்தான் குழப்பம். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, சந்திப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. இரண்டாவது, சில முறை பழகிய பிறகு, எதுவும் உறுதியாவதற்கு முன் சொல்வது. மூன்றாவது, கல்யாணப் பேச்சு வரட்டும் என்று காத்திருப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் உடல் பாதுகாப்பு. வலிப்பை மற்ற நாள்பட்ட நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடலாம். வலிப்பு உங்களிடம் அனுமதி கேட்காமல் தானே வெளியே வந்துவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எதிரில் இருப்பவருக்கு "இல்லை" என்று சொல்ல இடம் இருக்கிறதா என்பது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு சொன்னால் அவர் சொல்லும் "பரவாயில்லை"க்கு மதிப்பு குறைவு.

மூன்றாவது, செய்தி யார் யாருக்குப் போகும் என்பது. பெங்களூர் பெரிய ஊர்தான். ஆனால் அல்சூரிலோ மாரத்தஹள்ளியிலோ தங்கியிருக்கும் ஒரு சேலத்துப் பெண்ணைப் பற்றிய செய்தி சேலம் போய்ச் சேர ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

நான்காவது, மறைப்பதற்கு ஆகும் செலவு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். பலரும் கணக்கில் சேர்க்காதது அதுதான்.

## சந்திப்பதற்கு முன்பே சொல்வது

வரன் தளத்தில் சுயவிவரத்திலேயே எழுதிவிடுவது, அல்லது முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுவது. இதன் நன்மை வெளிப்படையானது. விலகப் போகிறவர் அன்றே விலகிவிடுவார், உங்களுக்கு மனத்தளவில் இழப்பு குறைவு.

ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும். "வலிப்பு" என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தெருவில் யாரோ விழுந்து கிடக்க, கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நின்ற கூட்டம். அந்தப் படத்தை மாற்ற நீங்கள் எதிரில் இருக்க வேண்டும், கொஞ்சமாவது பழகியிருக்க வேண்டும். அப்புறம், சுயவிவரத்தில் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஒரு விநாடி போதும். முகம் தெரியாத ஐம்பது குடும்பங்களுக்கு உங்கள் மருத்துவக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாது.

இதுவே சரியாக அமையும் சூழல்களும் உண்டு. மருந்து எடுத்தும் மாதம் ஒன்றிரண்டு முறை வலிப்பு வருகிறது என்றால், முதல் சந்திப்பிலேயே வர வாய்ப்பு இருக்கிறது. அப்போது முன்பே சொல்வதுதான் பாதுகாப்பு. அதேபோல, பெற்றோர் பார்த்து, ஒரே நாளில் பெண் பார்த்து, அன்றே முடிவு கேட்கும் வகை வரன் என்றால், "பழகிய பிறகு" என்ற கட்டமே அங்கே கிடையாது. அப்போது சுயவிவரத்தில் எழுதாமல், ஜாதகம் பொருந்தி நேரில் வருவதற்கு முன், வரப்போகும் ஆணிடமோ பெண்ணிடமோ நேரடியாகப் போனில் சொல்வது நல்லது. தரகர் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

## கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திருப்பது

நடுவில் இருப்பதை விட்டுவிட்டு மூன்றாவதுக்கு வருகிறேன், ஏனென்றால் நடுவில் உள்ளதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

"முதல்ல நல்லாப் பழகட்டும், நம்மளை விட முடியாத நிலை வந்த பிறகு சொல்லிக்கலாம்" என்பது பல அம்மாக்களின் யோசனை. பயத்தில் சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் விட முடியாத நிலை வந்த பிறகு சொல்வது என்றால், அவருடைய கையைக் கட்டிவிட்டுச் சம்மதம் கேட்பதாகத்தான் ஆகும்.

சட்டமும் இதில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த ஒரு திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்கே தடையாக வைத்திருந்தது. 1999-இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஆகவே இன்று வலிப்பு இருப்பது மட்டுமே திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணம் ஆகாது. "வலிப்பு இருந்தால் கல்யாணம் சட்டப்படி செல்லாது" என்று இன்னும் சொல்பவர்கள் பழைய செய்தியைச் சொல்கிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவில், முக்கியமான ஓர் உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றதாகச் சொல்லி, அது தெரியவந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வழி இருக்கிறது. வலிப்பை மறைத்தது அதில் அடங்குமா என்பதை அந்தந்த வழக்கின் விவரங்களை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். அதாவது சிக்கல் நோயில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது.

இனி மறைக்கும் செலவு. கொடைக்கானல் போனாலும் இரவு ஒன்பது மணி மாத்திரையைக் குளியலறையில் விழுங்க வேண்டும். நண்பர்களோடு உட்கார்ந்தால் பீர் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு பொய், வண்டி ஏன் ஓட்டுவதில்லை என்பதற்கு இன்னொரு பொய். கொடுமை என்னவென்றால், மறைக்க முடியாத சூழலில் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். மாத்திரை தவறுவதுதான் வலிப்பு திரும்ப வருவதற்கான மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. கல்யாண வாரத்தில் இது எல்லாம் ஒன்று சேரும்: தூக்கமில்லை, சாப்பாட்டு நேரம் இல்லை, சுற்றிலும் உறவினர் இருப்பதால் மாத்திரை டப்பாவைத் திறக்க இடமில்லை. முகூர்த்தத்துக்கு முந்திய விடியற்காலையில் மணப்பெண் விழுந்தால், மறைத்த குடும்பம் சபை நடுவே அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வழி சரியாக இருக்கும் சூழல் மிகக் குறைவு. குழந்தைப் பருவத்தில் ஓரிரு முறை காய்ச்சலோடு வந்து, பிறகு வராமல், பல ஆண்டுகளாக மருந்தும் இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. அவர்கள்கூட நிச்சயத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

## சில முறை பழகிய பிறகு, எதுவும் உறுதியாகும் முன்

என் தேர்வு இதுதான். ஆனால் "மூன்றாவது சந்திப்பில் சொல், நான்காவதில் சொல்" என்று எண்ணிக்கை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள். அவரோடு சேர்ந்து நீங்கள் செய்யப்போகும் எந்தக் காரியம் உங்கள் வலிப்பைத் தூண்டும்? அவர் எப்போது உங்களை நம்பித் தன் வாழ்க்கையில் ஒரு முடிவை எடுக்கப் போகிறார்? இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதற்குச் சில நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையை, அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். வயது 27, மாரத்தஹள்ளியில் பி.ஜி. வாசம், மென்பொருள் சோதனை வேலை. பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு அவருக்கு. இந்த வகையில் காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கைகள் வெடுக்கென்று துள்ளும், காபி டம்ளர் கையிலிருந்து எகிறும். சில சமயம் அது முழு வலிப்பாக மாறும். தூக்கம் கெடுவதும் மதுவும் இதைத் தூண்டும். சரியான மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். காலையும் இரவும் லெவெடிராசெட்டம் எடுக்கிறார். கடைசியாக முழு வலிப்பு வந்தது ஒரு வருடத்துக்கும் மேலே, ஓர் இரவு முழுக்க விழித்து வேலை பார்த்த மறுநாள் காலையில்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவரோடு பழக்கம். இரண்டு மூன்று முறை வெளியே போய்ச் சாப்பிட்டார்கள், தினமும் போனில் பேசினார்கள். அடுத்து அவர் கேட்டது, பெங்களூரில் எல்லா ஜோடிகளும் கேட்பதுதான்: "சனிக்கிழமை நந்தி மலைக்குப் போலாமா? சூரிய உதயம் பாக்கணும்னா மூணு மணிக்குக் கிளம்பணும், பைக்ல."

அந்தப் பயணத்தை அவளுடைய வலிப்பின் கண்ணால் பாருங்கள். வெள்ளி இரவு தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. துள்ளல் வரக்கூடிய அதே விடியற்காலையில், பைக்கின் பின் இருக்கையில், நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர். அவளுக்கு இதைவிட மோசமான திட்டத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. "வேலை இருக்கு" என்று பொய் சொல்லித் தள்ளிப்போடலாம், அடுத்த சனிக்கிழமையும் அதையே கேட்பார். ஆக, சொல்ல வேண்டிய நேரத்தை நந்தி மலை முடிவு செய்துவிட்டது.

புதன்கிழமை மாலை, கப்பன் பூங்காவில் நடந்துகொண்டே சொன்னாள். நடந்துகொண்டு சொல்வதில் ஒரு வசதி, முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேட்பவருக்கும் முகபாவத்தைச் சரிசெய்யக் கொஞ்சம் இடம் கிடைக்கும். தர்ஷினியில் தோளோடு தோள் உரச நின்று தோசை சாப்பிடும்போது இதைப் பேச முடியாது. அவள் பேசியது கிட்டத்தட்ட இப்படி:

"நந்தி மலைக்கு வரணும்னு ஆசைதான், ஆனா ராத்திரி தூங்காம வர முடியாது. காரணம் சொல்றேன். எனக்குப் பதினைஞ்சு வயசுலேர்ந்து ஃபிட்ஸ் இருக்கு. தினமும் ரெண்டு வேளை மாத்திரை. கடைசியா வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தூக்கம் கெட்டா வரும், அதனால தூக்கத்தை மட்டும் விட மாட்டேன். நீங்க இப்பவே எதுவும் சொல்ல வேண்டாம். கேள்வி இருந்தா கேளுங்க. இதை வேற யார்கிட்டயும் சொல்லாம இருந்தாப் போதும், சொல்ல வேண்டியவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இதில் எனக்குப் பிடித்தது, "உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும், தப்பா நினைக்காதீங்க" என்ற பீடிகை இல்லாதது. அப்படித் தொடங்கினால் கேட்பவர் ஏதோ பழைய கல்யாணம் என்று நினைத்து நடுங்கிவிடுவார். அவள் நோயின் பெயரைச் சொன்னாள், தன் உடம்பில் அது எப்படி நடக்கிறது என்று சொன்னாள், கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதற்குக் கடைசியாக வந்த காலத்தைச் சொன்னாள், பதிலுக்கு அவகாசம் கொடுத்தாள். "ஒண்ணுமே இல்ல, சும்மா மயக்கம் மாதிரி" என்று சுருக்கவும் இல்லை. சுருக்கிச் சொன்னால், பிறகு கண்ணால் பார்க்கும் நாளில் நீங்கள் ஏமாற்றியதாகத் தோன்றும்.

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "வந்தா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாராம். கேட்டிருக்காவிட்டாலும் அவள் சொல்லியிருப்பாள், அதுதான் சொல்வதன் பாதிப் பயன். கீழே விழுந்தால் நேரம் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்த வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், துள்ளல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை, வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்பதால் சாவிக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் இன்னொன்று வந்தாலோ, அடிபட்டாலோ 108.

பிறகு இரண்டு நாள் வழக்கமான காலை வணக்கச் செய்தி வரவில்லை. அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: குழந்தைக்கு வருமா? இப்போதே கேட்பது சரியா என்று தெரியவில்லை, ஆனால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றாராம். நியாயமான கேள்விதான். பொது மக்களில் நூறில் ஒருவர் அளவுக்கு வலிப்பு இருக்கிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் சில என்ற அளவுக்கு உயர்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. பிள்ளைக்கு வருவதைவிட முன்னால் கவனிக்க வேண்டியது தாயின் மருந்து. வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்பக் காலத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுக்குப் போகிறது, வழக்கமான அளவு நூறில் இரண்டு மூன்றுதான். அதனால் கல்யாண எண்ணம் வரும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, தேவையானால் மருந்தை மாற்றி, ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட வேண்டும். பயந்துபோய் மருந்தைத் தாமாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. கருத்தடை மாத்திரைக்கும் சில வலிப்பு மருந்துகளுக்கும் ஒத்துப்போகாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பழகும் கட்டத்திலேயே சொல்லிவிட்டவர்களுக்கு இதையெல்லாம் செய்ய மாதக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. நிச்சயத்துக்குப் பிறகு சொன்னவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை நந்தி மலைக்குப் போனார்கள், நன்றாகத் தூங்கி எழுந்து, பகலில், வாடகைக் காரில்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. அதற்குள் உங்களுக்கு ஆசை வந்துவிட்டிருக்கும், அவர் விலகினால் வலிக்கும். மறைக்காமலே மறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்கள் சங்கடமானவை. அப்புறம், நேரம் வந்தும் "இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லலாம்" என்று தள்ளிக்கொண்டே போய், தெரியாமலே மூன்றாவது வழிக்குள் விழுந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, இந்த வழியில் தவறியவர்கள் எல்லாருமே இப்படித்தான் தவறினார்கள்.

## ஒரே பார்வையில்

| | சந்திக்கும் முன் | சில முறை பழகிய பின் | கல்யாணப் பேச்சின்போது |
|---|---|---|---|
| உடல் பாதுகாப்பு | முதல் நாளிலிருந்தே உண்டு | தூண்டும் காரியத்துக்கு முன் சொன்னால் உண்டு | மாதக்கணக்கில் இல்லை |
| அவர் மறுக்க இடம் | முழுதாக | போதுமான அளவு | பெயரளவில் |
| செய்தி பரவும் ஆபத்து | மிக அதிகம் | ஒருவர் அளவில் | இரண்டு குடும்பமும் |
| மறைக்கும் செலவு | இல்லை | சில வாரம் | பொய், தவறும் மாத்திரை, சட்டச் சிக்கல் |
| யாருக்குப் பொருந்தும் | அடிக்கடி வலிப்பு வருபவர், ஒரே நாளில் முடிவு கேட்கும் வரன் | மருந்தால் கட்டுப்பாட்டில் இருப்பவர் | பல ஆண்டுகளாக வலிப்பும் மருந்தும் இல்லாதவர் |

## நேரிலா, போனிலா, செய்தியிலா

நேரில் சொல்வது சிறந்தது, ஒரு நிபந்தனையோடு: தனியாக அவருடைய வீட்டிலோ காரிலோ வேண்டாம். இருவரும் தனித்தனியே கிளம்பிப் போகக்கூடிய பொது இடமாக இருக்கட்டும்.

வெவ்வேறு ஊரில் இருந்தால் போன் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. நீலக் குறி வந்தும் பதில் வராத அந்த இரவில் உங்கள் தூக்கம் கெடும், உங்களுக்குக் கெடக்கூடாத ஒன்று அது. தவிர, எழுத்து வேறு கைக்குப் போகும். பேச்சு வராதவர்கள், பேசும்போது அழுதுவிடுகிறவர்கள், எழுதி நேரில் படித்துக் காட்டலாம். குழந்தைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் அப்படிச் செய்த ஓர் ஆண் எனக்குத் தெரியும், நன்றாகவே நடந்தது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. பைக்கில் கூட்டிப்போவது பெங்களூரில் பழக்கத்தின் முதல் படி. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்போ திடீர் நினைவிழப்போ இருக்கிறதா என்று நேராகவே கேட்கிறார்கள். அதை மறைத்து ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிரும் உங்கள் கையில். பெண்ணைப் பின்னால் ஏற்றுவதற்கு முன் சொல்லுங்கள், அல்லது மெட்ரோவில் போங்கள்.

## சொன்ன பிறகு

"யோசிச்சுச் சொல்றேன்" என்றால் யோசிக்க விடுங்கள். ஒரு வாரம் எதுவும் வராவிட்டால் ஒரே ஒரு முறை கேட்கலாம்: "அன்னைக்கு சொன்னதைப் பத்தி எதுவும் கேக்கணுமா? தொடர வேண்டாம்னாலும் சொல்லிடுங்க, புரிஞ்சுக்குவேன்." அதற்கும் பதில் இல்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்கிறவர் என்றால், அடுத்த மருத்துவர் சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நிம்ஹான்ஸோ பக்கத்துத் தெரு நரம்பியல் மருத்துவரோ, உங்கள் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கே. உங்களிடம் கேட்கத் தயங்கியதை அவர் மருத்துவரிடம் கேட்பார். அவருடைய வீட்டில் யார், எப்போது சொல்வது என்பதை அன்று வெளியே வரும்போது இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் தன் அம்மாவிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட்டு, பிறகு நீங்கள் நேரில் பேசுவதுதான் பெரும்பாலான வீடுகளில் எடுபடுகிறது.